கேட்காமலே வரும் ஒப்புதல் கோரிக்கை: ‘இல்லை’ என்று அழுத்தினால் மட்டும் போதுமா?

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் என் சித்தி கிராணியாக வேலை செய்கிறார். சம்பளக் கணக்கு, தொழிலாளர்களின் கடப்பிதழ் நகல், உரக்கடை பில், ஊழியர் சேமநிதி, சொக்சோ பாரங்கள் எல்லாம் அவருடைய அலுவலக மின்னஞ்சல் வழியாகத்தான் போய் வருகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள் என்று தம் கைப்பேசியில் மைக்ரோசாப்ட் ஒத்தென்டிகேட்டர் என்ற செயலியைப் போட்டுக்கொண்டார். கணினியில் மின்னஞ்சலைத் திறக்கக் கடவுச்சொல்லைப் போட்டதும், கைப்பேசிக்கு ஒரு கேள்வி வரும். உள்ளே நுழைவது நீங்கள்தானா என்று கேட்கும். ஆம் என்றால்தான் அஞ்சல் பெட்டி திறக்கும்.

போன மாதச் சம்பள வாரத்தில், நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு மேல் அந்தக் கேள்வி தானாக வந்தது. சித்தி தூக்கத்தில் ‘No, it's not me’ என்ற பொத்தானை அழுத்தினார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, மறுபடியும் வந்தது. அரை மணி நேரத்தில் 17 முறை. பிறகு புலனத்தில் ஓர் அழைப்பு. “புவான், நாங்கள் தலைமை அலுவலகத்து கணினிப் பிரிவு. சிஸ்டம் அப்டேட் நடக்கிறது. அதனால்தான் உங்களுக்குத் தொல்லை. திரையில் 63 என்று போட்டு ‘Yes’ அழுத்துங்கள், நின்றுவிடும்” என்று மலாயில் மரியாதையாகப் பேசியது ஒரு குரல்.

சித்தி போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டேன். “எங்க கம்பெனி கம்ப்யூட்டர் பையன் பகல்ல கூப்பிட்டாலே போனை எடுக்கமாட்டான் தம்பி. ராத்திரி ஒன்றரைக்கு எனக்காக முழிச்சிக்கிட்டு இருப்பானா?” என்றார். கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

17 முறை மறுத்தார், அழைத்தவனையும் நம்பவில்லை. நல்ல காரியம்தான். ஆனால் மறுநாள் மாலை பேசியபோது, “கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்களா?” என்று கேட்டேன். “எதுக்கு? அதான் நான் ஒத்துக்கலையே” என்றார். ஆபத்து இன்னும் அப்படியே இருந்தது அங்கேதான்.

அந்தக் கேள்வி எதைச் சொல்கிறது?

இரண்டு படி உள்நுழைவை வீட்டு வாசலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெளியே இரும்புக் கேட், உள்ளே மரக்கதவு. கடவுச்சொல் என்பது கேட்டுக்கான சாவி. கைப்பேசிக்கு வரும் கேள்வி, மரக்கதவைத் தட்டும் ஓசை. ஒருவன் மரக்கதவைத் தட்டுகிறான் என்றால், அவன் ஏற்கெனவே கேட்டைத் திறந்து உள்ளே வந்துவிட்டான் என்று பொருள். கதவைத் திறக்காமல் இருப்பது சரி. ஆனால் கேட்டின் சாவி அவன் கையில்தானே இருக்கிறது? இன்று திரும்பிப் போனாலும் நாளை வருவான்.

சித்தியின் அலுவலகக் கணக்கு போன்றவற்றில் முதலில் கடவுச்சொல் சரியாக இருந்தால்தான் அடுத்த படியாகக் கைப்பேசிக்குக் கேள்வி போகும். தவறான கடவுச்சொல்லைப் போட்டால் கைப்பேசி ஒலிக்காது. ஆகவே நாம் எங்கும் நுழைய முயலாதபோது இந்தக் கேள்வி வந்தால், அதைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் கடவுச்சொல் வேறொருவன் கையில் இருக்கிறது என்ற செய்தி அது. பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் முதல் செய்தியும், சில நேரம் ஒரே செய்தியும் அதுதான்.

கடவுச்சொல் எப்படிப் போயிருக்கும்? சித்தி விஷயத்தில் காரணம் எளிது. அலுவலக மின்னஞ்சலுக்கு வைத்திருந்த அதே சொல்லைத்தான் துணி வாங்கும் ஒரு சின்ன இணையக் கடையிலும் வைத்திருந்தார். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் தகவல் கசிந்தால், அந்தப் பட்டியலை வாங்குபவன் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அதே சொல்லைப் போட்டுப் பார்ப்பான். போலி இணையப் பக்கத்தில் நாமே தட்டிக் கொடுத்திருக்கலாம். கணினியில் நுழைந்த தீய மென்பொருள், உலாவியில் சேமித்து வைத்த சொற்களை அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். எந்த வழி என்று கண்டுபிடித்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்பதில்லை. முதலில் மாற்றிவிட வேண்டும்.

ஊபரில் நடந்தது

இந்த வகைத் தாக்குதலுக்கு ஆங்கிலத்தில் ‘எம்.எஃப்.ஏ. ஃபெட்டீக்’ என்று பெயர். நாம் சலிப்புத் தாக்குதல் என்று சொல்லலாம். இதில் கணினிக்குள் நடக்கும் வித்தை பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவரைச் சலிப்படைய வைத்து, அவர் விரலாலேயே கதவைத் திறக்க வைப்பதுதான் முழு வேலையும்.

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் நடந்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஊபரே பிறகு வெளியிட்ட விளக்கத்தின்படி, அங்கு ஒப்பந்த முறையில் வேலை செய்த ஒருவரின் சொந்தக் கருவியில் தீய மென்பொருள் புகுந்து, அவருடைய நிறுவனக் கடவுச்சொல் வெளியே போயிருக்கலாம். தாக்கியவன் அதை இணையத்தின் கள்ளச் சந்தையில் வாங்கியிருக்க வேண்டும் என்று ஊபர் கருதியது. பிறகு அந்தச் சொல்லைக் கொண்டு மீண்டும் மீண்டும் உள்ளே நுழைய முயன்றான். ஒவ்வொரு முறையும் அந்த ஊழியரின் கைப்பேசிக்கு ஒப்புதல் கேள்வி போனது. ஆரம்பத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை, நுழைய முடியவில்லை. கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டார்.

தாக்கியவன் தரப்பிலிருந்து வெளிவந்த தகவல் இன்னொன்றையும் சொன்னது. கேள்விகளை அனுப்பிச் சலிப்படைய வைத்த பிறகு, நிறுவனத்தின் கணினிப் பிரிவு பேசுவதாகப் புலனத்தில் செய்தி அனுப்பினானாம். இது நிற்க வேண்டுமென்றால் ஒப்புதல் கொடுங்கள் என்பதுதான் செய்தி. சித்திக்கு வந்த அழைப்பும் அதே அச்சில் வார்த்ததுதான்.

அந்த ஒரே ஒப்புதலுக்குப் பிறகு என்ன ஆனது? உள்ளே வந்தவன் வேறு பல ஊழியர்களின் கணக்குகளுக்கும் போனான். நிறுவனத்தின் உள்தொடர்புக் குழுவான ஸ்லாக்கில், எல்லா ஊழியரும் பார்க்கும்படி அறிவிப்புப் போட்டான். சில உள் இணையப் பக்கங்களைத் திறந்த ஊழியர்களுக்கு ஆபாசப் படம் தெரியும்படி மாற்றி வைத்தான். கணினிப் பாதுகாப்புக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனத்தில் இப்படி ஆனது.

அதே ஆண்டு சிஸ்கோ நிறுவனத்திலும் இது நடந்தது. அங்கு தொடர் கேள்விகளோடு, நம்பிக்கையான நிறுவனங்களின் பெயரைச் சொல்லித் தொலைபேசியிலும் பேசினார்கள். ஊழியர் ஒப்புதல் கொடுத்த பிறகு தாக்கியவர்கள் முதலில் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். ஒப்புதல் தரும் கருவிகளாகத் தங்கள் சொந்தக் கருவிகளையே அந்தக் கணக்கில் பதிந்துகொண்டார்கள். அதன் பிறகு அவர்களுக்கு அந்த ஊழியரின் கைப்பேசி தேவையில்லை. மரக்கதவுக்கும் தனிச் சாவி வெட்டிக்கொண்டது போல.

எண் வந்தது, தந்திரம் மாறியது

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள் மட்டும் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் விரல் தவறி ‘ஆம்’ மீது பட்டாலே போதும். ஊபர், சிஸ்கோ போன்ற சம்பவங்களுக்குப் பிறகு, 2023 மே 8 முதல் மைக்ரோசாப்ட் தன் செயலியில் இந்த முறையை மாற்றியது. நுழைய முயல்பவரின் கணினித் திரையில் ஓர் இரண்டு இலக்க எண் தெரியும். அதே எண்ணைக் கைப்பேசியில் தட்டினால்தான் ஒப்புதல் நடக்கும்.

இதில் உள்ள காப்பு என்னவென்றால், எண் தெரியும் திரை யார் முன் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே எண் தெரியும். நாமே நுழைகிறோம் என்றால் எண் நம் முன்னே இருக்கும். வேறொருவன் நுழைகிறான் என்றால் எண் அவன் திரையில் இருக்கும். நமக்குத் தெரியாது. சும்மா விரல் பட்டுத் திறக்க வழியில்லை.

ஆனால் அவன் அந்த எண்ணை நமக்குச் சொல்லலாம் அல்லவா? அதற்குத்தான் நள்ளிரவு அழைப்பு. சித்தியிடம் “63 போடுங்கள்” என்ற அந்த ஆள், தன் எதிரே இருந்த திரையைப் பார்த்துத்தான் அந்த எண்ணைப் படித்தான். எண்ணைச் சொல்ல முடிந்ததே, நுழைய முயல்பவன் அவன்தான் என்பதற்குச் சாட்சி.

இதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அலுவலகத் தோழர்களுக்கும் ஒரே வரியில் சொல்லலாம்: எண் நம் கண் முன்னே உள்ள திரையிலிருந்து வர வேண்டும், இன்னொருவர் வாயிலிருந்து வரக் கூடாது. அழைப்பவர் நம் முழுப் பெயர், வேலை செய்யும் தோட்டம், மேனேஜர் பெயர் எல்லாம் சொன்னாலும் இதுவே விதி. இவற்றை முகநூலிலிருந்தே எடுத்துவிடலாம்.

கடவுச்சொல் இல்லாமலும் கேள்வி வருமா?

வரும். இதையும் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. சில சேவைகளில் கடவுச்சொல்லே இல்லாமல் கைப்பேசி ஒப்புதல் மட்டும் வைத்து நுழையும் வசதி உண்டு. அங்கு மின்னஞ்சல் முகவரியைத் தெரிந்தவன் யாரும் நம் கைப்பேசியை ஒலிக்க வைக்கலாம். ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற வழியில் போனாலும் கேள்வி வரக்கூடும்.

2024 மார்ச்சில் ஐபோன் வைத்திருந்த சிலருக்கு இப்படித்தான் நடந்தது. ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற அனுமதிக்கவா என்ற கேள்வி, ஒருவருக்கே நூறு வரை தொடர்ந்து வந்தது. எல்லாவற்றையும் மறுத்து முடித்த பிறகு, ஆப்பிள் உதவி மையத்தின் எண்ணே திரையில் தெரியும்படி ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் விரும்பியது கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை. இங்கே அவர்களிடம் கடவுச்சொல் இல்லை, தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும்தான் இருந்தன.

ஆக, திரையில் உள்ள வாசகத்தைப் படிக்க வேண்டும். உள்ளே நுழைவதற்கான கேள்வி என்றால், கடவுச்சொல் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கேள்வி என்றால், அது இன்னும் பத்திரமாக இருக்கலாம். மறுத்துவிட்டு, அடுத்து வரப்போகும் அழைப்புக்குத் தயாராக இருங்கள். எது என்று புரியவில்லையா? போய்விட்டது என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

கேள்வி வந்த அந்த நேரத்தில்

முதலில் மறுக்க வேண்டும். மைக்ரோசாப்ட் செயலியில் ‘No, it's not me’. மற்றவற்றில் ‘No’ அல்லது ‘Deny’ அல்லது ‘Reject’ என்று இருக்கும். அறிவிப்பை ஒதுக்கித் தள்ளிவிட்டாலும் கதவு திறக்காது. ஆனால் பல அமைப்புகளில் மறுத்தால்தான் அது சந்தேகத்துக்குரிய முயற்சியாகப் பதிவாகும். அதனால் மறுப்பதே மேல்.

அடுத்து, உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். விடியட்டும் என்று விட வேண்டாம். அப்போது வரும் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ உள்ள இணைப்பைத் தொட்டு மாற்றவே கூடாது. அந்தச் செய்தியும் அவனே அனுப்பியதாக இருக்கலாம். முகவரியை நாமே தட்டி, அல்லது செயலியை நாமே திறந்து மாற்ற வேண்டும். புதிய சொல் வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். பழைய சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்தோமோ அங்கும் மாற்ற வேண்டும். அந்தக் கணினியிலேயே தீய மென்பொருள் இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், கைப்பேசியிலிருந்தோ வேறொரு கணினியிலிருந்தோ மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் புதிய சொல்லும் அவன் கைக்கே போகும்.

அலுவலகக் கணக்கு என்றால், தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். நம்மை அழைத்த எண்ணுக்குத் திருப்பி அழைக்காமல், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். நிறுவனத்தின் நுழைவுப் பதிவேட்டில் எந்த நேரம், எந்த ஊரிலிருந்து, கடவுச்சொல் சரியாக இருந்ததா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சித்தி அழைத்த மறுநாள், அந்தக் கணினிப் பையன் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். 17 முயற்சிகளிலும் கடவுச்சொல் சரியாக இருந்தது, இரண்டாம் படியில்தான் தோற்றிருந்தது. சொல்லை மாற்றியதும் அந்த இரவிலிருந்து கேள்விகள் நின்றுவிட்டன.

சலித்துப்போய்ச் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. தொல்லை தாங்கவில்லை என்று இரண்டு படி உள்நுழைவையே நிறுத்துவது. அப்படிச் செய்தால் அவனிடம் உள்ள கடவுச்சொல் ஒன்றே போதும். கைப்பேசியை ஓசையில்லாமல் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்பு கடவுச்சொல் மாறியிருக்க வேண்டும்.

தவறி ‘ஆம்’ அழுத்திவிட்டால்

சித்தி சொன்ன பிறகு தலைமை அலுவலகம் மற்ற தோட்டங்களிலும் விசாரித்தது. அதே குழுமத்தின் இன்னொரு தோட்டத்தில், ஒரு வாரத்துக்கு முன்பு ஒருவருக்கு இதே அழைப்பு வந்திருந்தது. அவர் எண்ணைத் தட்டி ‘Yes’ அழுத்திவிட்டார். தொல்லை நின்றது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று காலையில் தோன்றியிருக்கிறது. ஆனால் திட்டுவார்களோ, வேலைக்கே ஆபத்து வருமோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஒரு வாரமும் அவருடைய அஞ்சல் பெட்டியை இன்னொருவன் படித்துக்கொண்டிருந்தான். உரக்கடையிலிருந்து வரும் அஞ்சல்கள் தானாக வெளி முகவரிக்குப் போகும்படி ஒரு விதியும் வைத்திருந்தான். பிறகு அவர் பெயரிலேயே கணக்குப் பிரிவுக்கு ஓர் அஞ்சல் போனது: உரக்கடையின் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனிமேல் புதிய எண்ணுக்குப் பணம் போடவும். கணக்குப் பிரிவில் இருந்த அம்மா பழைய ஆள். எண் மாறினால் கடைக்காரரிடம் நேரில் கேட்காமல் பணம் போடமாட்டார். அவர் தொலைபேசியை எடுத்ததால் பணம் தப்பியது. இல்லையென்றால் அந்த மாத உரப் பணம் முழுவதும் போயிருக்கும்.

‘ஆம்’ அழுத்திய பிறகு கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று. உள்ளே வந்தவன் வந்த வேகத்தில் தனக்கு வேறு வழிகளைச் செய்துகொள்வான். அதனால் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும். ஏற்கெனவே நுழைந்து உட்கார்ந்திருப்பவன், கடவுச்சொல் மாறினாலும் சில நேரம் உள்ளேயே இருக்க முடியும். ஒப்புதல் தரும் கருவிகளின் பட்டியலில் நமக்குத் தெரியாத கைப்பேசி இருந்தால் நீக்க வேண்டும். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் நம்முடையவைதானா என்று பார்க்க வேண்டும். மின்னஞ்சல் அமைப்பில் நாம் வைக்காத அனுப்பும் விதி இருந்தால் அழிக்க வேண்டும்.

மைக்ரோசாப்ட் அலுவலகக் கணக்கில் mysignins.microsoft.com என்ற முகவரியிலும், கூகுள் கணக்கில் myaccount.google.com என்ற முகவரியில் பாதுகாப்புப் பகுதியிலும் நுழைவு விவரங்களையும் கருவிகளையும் பார்க்கலாம். அனுப்பும் விதியை மின்னஞ்சலின் ‘Settings’ பகுதியில்தான் தேட வேண்டும். அலுவலகக் கணக்கு என்றால் இந்த வேலையைக் கணினிப் பிரிவு செய்யும். அவர்கள் செய்ய வேண்டுமானால் நாம் முதல் மணி நேரத்திலேயே சொல்ல வேண்டும்.

மேலாளர்களுக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. ‘ஆம்’ அழுத்தியவரைத் திட்டினால், அடுத்த முறை அழுத்துபவர் மறைப்பார். அந்தத் தோட்டத்தில் நடந்ததில் தாக்கியவனுக்கு ஒரு வார அவகாசத்தைக் கொடுத்தது அந்தப் பயம்தான்.

வங்கிச் செயலியில் வந்தால்

அலுவலக மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். ஊபர் சம்பவம் நடந்த அதே 2022 செப்டம்பரில்தான், குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைக் கைவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா வங்கிகளுக்கு உத்தரவிட்டதாக அறிவித்தது. குறுஞ்செய்திக் குறியீட்டை மோசடிக்காரர்கள் எளிதாகத் திருடியதே காரணம். அதன் பிறகு பெரும்பாலான வங்கிகளில் நம் பணப் பரிமாற்றத்துக்குச் செயலியிலேயே ஒப்புதல் தருகிறோம். முன்னேற்றம்தான். ஆனால் குறியீட்டைத் தட்டும் வேலை போய், பொத்தானைத் தொடும் வேலை வந்திருக்கிறது. தொடுவது எளிது என்பதால், படிக்காமல் தொடுவதும் எளிதாகிவிட்டது.

வங்கி ஒப்புதல் திரையில் தொகையும் பெறுபவர் பெயரும் இருக்கும். நாம் எதுவும் அனுப்பாதபோது அது வந்தால், வங்கிக் கடவுச்சொல்லோடு ஒருவன் நம் கணக்குக்குள் இருக்கிறான் என்று பொருள். ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஒப்புதல் கொடுங்கள்’ என்று தொலைபேசியில் யாரேனும் சொன்னால் நினைவில் கொள்ளுங்கள்: நமக்குப் பணம் வருவதற்கு நம் ஒப்புதல் தேவையில்லை. பணம் போவதற்குத்தான் தேவை.

இன்னொரு செய்தியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. ‘புதிய கருவி பதிவு செய்யப்பட்டது’ என்று வங்கியிலிருந்து அறிவிப்பு வந்தால், இன்னொருவன் தன் கைப்பேசியையே ஒப்புதல் கருவியாக மாற்றுகிறான் என்று பொருள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே கருவி, புதிய கருவிக்குக் காத்திருப்பு நேரம் என்ற இரண்டையும் பேங்க் நெகாரா கேட்டது இதற்காகவே. பல வங்கிகளில் அந்த நேரம் 12 மணி. அவன் காத்திருக்கும் அந்த நேரம் நமக்குக் கிடைத்த அவகாசம்.

மறுத்த உடனே, வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கிச் செயலியில் கணக்கை உடனே முடக்கும் ‘kill switch’ இருந்தால் அதை நாமே அழுத்தலாம். எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி வைத்துக்கொள்வது நல்லது, ராத்திரியில் தேட முடியாது. பணம் போய்விட்டால் வங்கிக்கோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணுக்கோ தாமதிக்காமல் அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு முன்பு நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. போலீஸ் புகார் அதற்குப் பிறகு.

கேள்வியே வராத வழி

கேள்வி அனுப்பி ஒப்புதல் வாங்கும் எந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு: தூரத்தில் இருப்பவனும் நம்மைக் கேட்க முடியும். இதைத் தீர்க்க வந்ததுதான் ‘பாஸ்கீ’. நுழையும் கருவியிலேயே, அல்லது அதற்கு அருகில் உள்ள நம் கைப்பேசியிலேயே, கைரேகையோ முகமோ காட்டித் திறக்கும் முறை அது. அந்த இணைய முகவரியோடு மட்டுமே பிணைந்தது என்பதால் போலிப் பக்கத்தில் வேலை செய்யாது. வெளியூரில் இருப்பவன் நள்ளிரவில் நம் கைப்பேசிக்கு அதற்கான கேள்வியை அனுப்ப முடியாது. கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் கணக்குகளில் இந்த வசதி இருக்கிறது. அதற்கும் வரம்பு உண்டு. கைப்பேசி தொலைந்தால் மீட்கும் வழியை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். பழைய ஒப்புதல் முறையும் பக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தால், தாக்குபவன் அந்த வழியைத்தான் தேடுவான்.

சித்தியின் நிறுவனம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. எண் தட்டும் முறையில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு தோட்ட அலுவலகத்திலும் கணினி மேசைக்கு மேலே ஒரு தாளில் கணினிப் பிரிவின் எண் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே மலாயிலும் தமிழிலும் இரண்டு வரிகள்: நாங்கள் உங்களை அழைத்து எண் போடச் சொல்லமாட்டோம். கேட்காமல் கேள்வி வந்தால் எந்த நேரமும் அழையுங்கள்.

“இப்போ கூப்பிட்டா எடுக்கிறானா?” என்று சித்தியிடம் கேட்டேன். “மூணாவது ரிங்லயே எடுத்துடுறான் தம்பி” என்றார்.